சோறூட்டும் நேரமும் இரவு 2 மணியும்: கடும் ஊனமுற்ற பெரியவர்களுக்கான டே கேர்களையும் இல்லங்களையும் எப்படி எடைபோடுவது?

தாராவியில் கடுமையான ஊனத்தோடு வளரும் பிள்ளைக்கு 18 வயதுவரை ஏதாவது ஒரு வழி கிடைத்துவிடுகிறது. சயான் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சிறப்புப் பள்ளி, பிசியோதெரபி, ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் வேன் என்று வாரத்தில் சில நாளாவது பிள்ளைக்கு வெளியுலகம் உண்டு. 18 தாண்டினால் அது நின்றுவிடுகிறது. அதற்குள் பிள்ளை 40 கிலோ கனக்கும். இடுக்கான மாடிப்படியில் தூக்கித் தூக்கி அம்மாவுக்கு இடுப்பு போயிருக்கும். பகலில் விட்டுவர ஒரு டே கேர் உண்டா, நமக்குப் பிறகு வைத்துக்கொள்ள ஒரு ஹோம் உண்டா என்று அப்போதுதான் வீட்டில் பேச்சு தொடங்கும். கிடைக்கும் இடம் நல்ல இடம்தானா என்பதை எதை வைத்துச் சொல்வது என்ற அடுத்த கேள்விக்கு வருவதற்குள் பெரும்பாலான குடும்பங்கள் களைத்துவிடுகின்றன. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மும்பையில் இந்தத் துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. சிவ்ரியில் உள்ள ஜெய் வகீல் நிறுவனம் 1944-ல் தொடங்கியது. மித்து அலூர் 1972-ல் மும்பையில் மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்காக ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். இன்று அடாப்ட் என்று பெயர் மாறியிருக்கும் அந்த அமைப்பு, தாராவிக் குழந்தைகளிடையே நெடுங்காலம் வேலை செய்தது. செம்பூரில் வயது வந்தோருக்கு வேலைப் பயிற்சி மையமும் நடத்தியது. ஆனால் நாட்டில் எங்கு பார்த்தாலும், பெரியவர்களுக்கான ஏற்பாடுகளில் அதிகமானவை மெழுகுவத்தி செய்யவோ உறை ஒட்டவோ கூடியவர்களை மனத்தில் வைத்து எழுந்தவை. கழுத்து நிற்காதவர், பேச்சில்லாதவர், ஊட்டினால்தான் உண்பவர், டயப்பரில் இருப்பவர் வந்தால் கதவருகிலேயே ஒரு நிபந்தனை நிற்கும்: தானாக டாய்லெட் போகத் தெரிய வேண்டும். வலிப்பு இருந்தால் வேண்டாம், முரண்டு பிடித்தால் வேண்டாம் என்பவையும் கூடவே வரும். எனவே ஓர் இடத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, யாரைச் சேர்ப்பதில்லை என்பதுதான். கடும் ஊனமுள்ளவர்களுக்கான மையம் என்று பலகை வைத்துக்கொண்டு, உள்ளே நடமாடக்கூடியவர்களை மட்டும் உட்கார வைத்திருந்தால் அந்த இடத்தின் தரம் நமக்கு எதையும் சொல்லாது. நம் வீட்டு ஆளைப் போன்ற ஒருவர் அங்கே ஏற்கெனவே இருக்க வேண்டும்.

சட்டம் தரும் பாதுகாப்பு என்ன? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தக்கூடாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் தனியாக உண்டு. அதன்கீழ் டே கேருக்கு விகாஸ், குறுகிய காலம் தங்கச் சமர்த், பெரியவர்கள் நிரந்தரமாகத் தங்கக் கரோந்தா என்று திட்டங்கள் கொண்டுவரப்பட்டன. சான்றிதழை வாங்கிப் பார்க்கத்தான் வேண்டும். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் முறையான உரிமமின்றி நடந்த ஆசிரமத்திலிருந்து ஆட்கள் காணாமல் போனதும், பாலியல் கொடுமை நடந்ததும் 2023 பிப்ரவரியில்தான் வெளியே வந்தன. சான்றிதழ் இல்லாத இடத்தில் கேள்வி கேட்க ஆளே இல்லை.

சான்றிதழ் இருந்துவிட்டால் நிம்மதி என்றும் சொல்வதற்கில்லை. தாணே மாவட்டம் ஷஹாபூர் பக்கம் கவ்தாஸ் என்ற ஊரில் இருந்த விடுதியில் பிள்ளைகள் ஊட்டமில்லாமல் இறந்ததாகச் செய்தி வந்தபோது, 2010-ல் மும்பை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. மகாராஷ்டிரம் முழுவதும் உள்ள இத்தகைய இல்லங்களின் நிலை அந்த வழக்கில்தான் விரிவாகப் பேசப்பட்டது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. பதிவு பெற்றது, அரசு ஆய்வாளர்களின் கண்காணிப்பில் இருந்தது, ஒவ்வொரு நோயாளிக்கும் பெருந்தொகை வாங்கியது. அங்கே வேலை பார்த்த செவிலியர் ஒருவர் நிர்வாகத்திடமும் கண்காணிப்பு ஆணையத்திடமும் முறையிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பிபிசி நிருபர் ஒருவர் பராமரிப்பாளராகவே உள்ளே வேலைக்குச் சேர்ந்து, அறிவுசார் குறைபாடுள்ளவர்களை ஊழியர்கள் அடிப்பதையும் தரையில் அழுத்திப் பிடிப்பதையும் படம்பிடித்தார். 2011-ல் அது ஒளிபரப்பான பிறகு இடம் மூடப்பட்டது, 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். காகிதத்தைப் பார்த்துச் செய்யும் ஆய்வுக்குத் தெரியாமல் போன எல்லாம் ஒரு மாதம் கூடவே இருந்த கண்ணுக்குத் தெரிந்துவிட்டன.

ஒரு தாய் ஒரு மாதம் உள்ளே இருக்க முடியாது. அப்படியானால் போகும் ஒன்றிரண்டு தடவையில் எப்போது போவது, எதைப் பார்ப்பது? மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள் என்பேன். ஆண்டுவிழாவுக்குப் போகாதீர்கள், அலுவலகம் திறந்ததும் போகாதீர்கள். பன்னிரண்டரைக்குப் போய் நில்லுங்கள்.

மூளை முடக்குவாதம் கடுமையாக உள்ள பலருக்கு விழுங்குவதே கடினம். உதடு மூடாது, நாக்கு சோற்றை வெளியே தள்ளும், விழுங்கும் கணமும் மூச்சு இழுக்கும் கணமும் ஒன்றையொன்று முந்தும். சோறோ தண்ணீரோ மூச்சுக்குழாயில் இறங்கினால் நெஞ்சுச் சளி, பிறகு நிமோனியா. இவர்களில் பலரின் உயிரைக் கொண்டுபோவது இதுதான். ஊட்டத் தெரிந்தவர் எப்படி ஊட்டுவார் என்பது பார்த்தாலே விளங்கும். ஆளை நிமிர்த்தி, இடுப்பு நாற்காலியின் அடிவரை பதிய, பாதம் எதன்மீதாவது ஊன்ற உட்கார வைப்பார். தலை பின்னால் சாயாமல், முகவாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும். தானும் எதிரே உட்கார்ந்து, வாய்க்கு நேராகச் சின்னக் கரண்டியைக் கொண்டுவருவார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். இருமல் வந்தாலோ, கண் கலங்கினாலோ, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஈரமாகக் கேட்டாலோ நிறுத்துவார். தண்ணீரை விடக் கெட்டியான கூழ் பத்திரம் என்று அவருக்குத் தெரியும். உண்டபின் அரை மணியாவது சாய்க்காமல் வைத்திருப்பார்.

தெரியாதவர் நின்றபடி மேலிருந்து ஊட்டுவார். கரண்டியை நோக்கி உண்பவரின் தலை பின்னால் வளையும். அப்படி வளைந்த தொண்டையில்தான் சோறு தவறான வழியில் இறங்கும். பிசைந்த சோறு, பருப்பு, காய் எல்லாம் ஒரே கிண்ணத்தில் ஒரே நிறமாக இருக்கும். முடிந்ததும் அப்படியே பாயில் படுக்க வைப்பார். இதைச் செய்பவர் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு டே கேருக்கு 20 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 8 பேருக்கு ஊட்ட வேண்டும். முறையாக ஊட்ட ஒருவருக்கு அரை மணியாவது ஆகும், ஆக மொத்தம் 240 நிமிடம். சாப்பாட்டு நேரம் ஒரு மணி என்றால் நான்கு பேர் ஊட்டுவதற்கே வேண்டும். மீதி 12 பேரைப் பார்த்துக்கொள்ள இன்னும் ஒருவராவது வேண்டும். இருப்பது இரண்டு மௌசிகள் என்றால் (மும்பையில் ஆயாவை அப்படித்தான் அழைப்போம்) தலைக்குக் கால் மணிதான் கிடைக்கும். அரை மணிச் சாப்பாடு கால் மணியில் உள்ளே போக வேண்டுமானால் திணிக்க வேண்டும், அல்லது பாதியில் நிறுத்த வேண்டும். திணித்தால் இருமல், நிறுத்தினால் எடை குறைவு. நான்கு பேருக்கு ஓர் ஊழியர், எட்டுப் பேருக்கு ஓர் ஊழியர் என்று அலுவலகத்தில் சொல்லும் விகிதம் இந்த ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிறது என்பதே அந்த இடத்தின் உண்மையான விகிதம். சமையல்காரர், டிரைவர், எழுத்தர், பொறுப்பாளர் எல்லோரையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். கரண்டி பிடிக்கும் கைகளை மட்டும் எண்ணுங்கள்.

மதியத்துக்குப் பிறகும் சற்று இருந்து பாருங்கள். இரண்டு மணியிலிருந்து வேன் கிளம்பும்வரை என்ன நடக்கிறது? பல இடங்களில் அந்த நேரம் டிவிக்கு உரியது. படுக்க வைத்த ஆளை நிமிர்த்துகிறார்களா, வேறு நாற்காலிக்கு மாற்றுகிறார்களா, யாராவது பெயர் சொல்லிப் பேசுகிறார்களா? கடும் ஊனமுள்ளவருக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. கொத்தமல்லியை மூக்கருகே பிடித்துக் காட்டுவதும், மிக்ஸி சுவிட்சைக் கை வைத்து அழுத்தச் செய்வதும், நீலச் சட்டையா சிவப்புச் சட்டையா என்று கண்ணால் தேர்வு செய்யச் சொல்வதும் அவருடைய நாளுக்குப் பொருள் தரும் வேலைகள். வயது வந்த ஆளிடம் கிலுகிலுப்பையையும் மழலைப் பாட்டையும் மட்டுமே வைத்திருக்கும் மையத்தில், அவரை யாரும் வளர்ந்தவராகப் பார்க்கவில்லை என்று பொருள்.

தாராவி வீடுகளுக்கு டே கேரில் வேறொரு நெருக்கடியும் உண்டு. விகாஸ் திட்டத்தில் ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேரம் மையம் நடக்க வேண்டும். இட்லி வியாபாரம் செய்யும் வீட்டில் விடியுமுன்பே அடுப்பு எரியும், ஆண்கள் வெள்ளென அண்டாவோடு கிளம்பிவிடுவார்கள். காலை 10 மணிக்கு வேன் வந்தாலும் பெரிய சாலையில்தான் நிற்கும். மூன்றடிச் சந்தில் சக்கர நாற்காலி நுழையாது, ஆளைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும். அதனால் 'எங்கள் மையத்தில் வேன் உண்டு' என்ற வார்த்தையோடு நிறுத்தாமல், வீட்டு வாசலிலிருந்து வேன்வரை யார் தூக்குவது என்று கேட்டுவிட வேண்டும். அம்மா மட்டுமே தூக்கும் ஏற்பாடு அதிக நாள் ஓடாது.

இனி இல்லம். டே கேரில் தவறு நடந்தால் சாயங்காலம் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார், உடம்பே சொல்லிவிடும். இல்லத்தில் அந்த வசதி இல்லை. இல்லத்தின் தரம் இரவில்தான் தெரியும், இரவில் நம்மை யாரும் உள்ளே விடுவதில்லை. எனவே இரவையும் கணக்கால்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கு 168 மணி. ஓர் ஊழியர் வாரம் 48 மணி வேலை செய்தால், ஒரே ஒரு ஆள் எப்போதும் விழித்திருக்க மூன்றரைப் பேரை வேலைக்கு வைக்க வேண்டும். விடுப்பு, காய்ச்சல், ஊருக்குப் போவது எல்லாம் சேர்த்தால் நான்கு பேர். ஆக, 12 பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள் என்று ஓர் இல்லம் பெருமையாகச் சொன்னால், எந்த நேரத்திலும் சராசரியாக மூன்று பேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் குளிப்பாட்ட, ஊட்ட ஆள் அதிகம் தேவைப்படுவதால் இரவில் ஒருவரோ இருவரோதான்.

அந்த இல்லத்தில் 30 பேர், அதில் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் 10 பேர் என்று வைப்போம். படுக்கைப்புண் வராமலிருக்க வழக்கமாகச் சொல்லப்படும் முறை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிடுவது. வளர்ந்த ஆளைப் பத்திரமாகப் புரட்ட இருவர் வேண்டும், ஆளுக்கு 5 நிமிடம் பிடிக்கும். ஒரு சுற்றுக்கு 50 நிமிடம். டயப்பர் மாற்ற வேண்டியிருந்தால் இன்னும் ஆகும். இரவு 10, 12, 2, 4 என்று சுற்று வந்துகொண்டே இருக்கும். நடுவே ஒருவருக்கு வலிப்பு வந்து 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அப்போது மிச்சமுள்ள 29 பேரோடு ஒருவர். இருவர் இருந்தாலே இந்த நிலை. ஒருவர் மட்டும், அதுவும் பகலெல்லாம் வேலை பார்த்த மௌசி அதே அறையில் படுத்திருப்பதுதான் இரவுக் காவல் என்றால், 2 மணிச் சுற்று நடப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். 'இரவில் யார் விழித்திருப்பார்கள், அவருக்கு மறுநாள் காலை விடுப்பு உண்டா?' என்ற கேள்விக்கு நல்ல இல்லம் டியூட்டி அட்டவணையை எடுத்துக் காட்டும்.

நடக்காத சுற்றுகள் உடம்பில் பதிந்திருக்கும். சேர்த்த பிறகு நாம் பார்க்கப் போகும் நாளில் நம் ஆளைத் தலை சீவி, பவுடர் பூசி உட்கார வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துத் திரும்பாமல், கூட வந்த பெண்கள் யாராவது ஆளை உள்ளே அழைத்துப்போய் இடுப்பின் பின்புறம், இடுப்பெலும்பின் பக்கவாட்டு, குதிகால் மூன்றையும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மீண்டும் சிவக்க வேண்டும். கறுத்த தோலில் நிறம் தெரியாது, அங்கே சூடும் கெட்டித்தன்மையும் கைக்குத் தெரியும். அழுத்தியும் வெளுக்காத இடம் புண்ணின் தொடக்கம். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வளையம்போன்ற தடம் இருந்தால் கட்டி வைத்திருக்கிறார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் மாண்டது சங்கிலியில் கட்டிக்கிடந்ததால்தான். கட்டும் வழக்கம் இருக்கும் இடத்துக்கு வேறு எந்தச் சிறப்பும் ஈடாகாது.

எடைப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுவது பெரிய செலவில்லை. நிற்க முடியாத ஆளை ஊழியர் தூக்கிக்கொண்டு எடைபார்த்து, தன் எடையைக் கழித்தால் போதும். 38 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 36-க்கு இறங்கினால் அது 5 சதவிகிதத்துக்கும் மேல், மருத்துவர் பார்க்க வேண்டிய அளவு. மலம் போன நாள்களைக் குறிக்கிறார்களா என்பது இன்னொன்று. மலச்சிக்கல் இவர்களுக்குத் தீராத வேதனை. பேச்சில்லாத ஒருவர் திடீரென்று தலையை முட்டிக்கொண்டால் பல நேரம் காரணம் வயிறாகவோ பல்லாகவோ இருக்கும். அதைப் பார்க்காமல் மனநல மாத்திரை கொடுத்து அடக்கிவிடும் இல்லங்கள் உண்டு. மருந்துச் சீட்டில் ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரை இருந்தால், யார் எழுதியது, எதற்காக, எப்போது நிறுத்திப் பார்த்தார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இல்லத்தின் வசதியும் அங்கே இருப்பவரின் உடம்பும் மோதும்போது எது வெல்கிறது என்பதற்கு மகாராஷ்டிரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1994 பிப்ரவரியில், புனே மாவட்டம் ஷிரூரில் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குப் புனே சஸூன் மருத்துவமனையில் கருப்பையை அகற்றினார்கள். மாதவிலக்கின்போது அவர்களால் தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. இன்று 2016 சட்டத்தின் 10-ஆம் பிரிவு, ஒருவரின் சுதந்திரமான சம்மதமின்றி மலடாக்கும் சிகிச்சை எதுவும் கூடாது என்கிறது. மகளை இல்லத்தில் சேர்க்கப் போகும் தாய், மாதவிலக்கு நாள்களில் இங்கே என்ன செய்வீர்கள் என்று பெண் ஊழியரிடமே நேராகக் கேட்க வேண்டும். எத்தனை நாப்கின், யார் மாற்றுவது, இரவில் யார் என்று பதில் சரளமாக வர வேண்டும். 'ஆபரேஷன் செய்துவிட்டால் நல்லது' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

கேட்கத் தயங்கும் கேள்வி இன்னொன்று: கடந்த மூன்று ஆண்டில் இங்கே எத்தனை பேர் இறந்தார்கள், எதனால்? கடும் ஊனமுள்ளவர்கள் இருக்கும் இடத்தில் மரணம் நேரும், அதை வைத்து இடத்தைக் கழித்துவிடக்கூடாது. பொறுப்பாளர் பெயரும் காரணமும் சொல்லி, நிமோனியாவில் ஒருவர் போனபின் ஊட்டும் முறையை மாற்றினோம் என்றால் அது நம்பத்தக்க இடம். 'அதெல்லாம் கடவுள் கையில்' என்ற பதிலோடு பேச்சு மாறினால், அடுத்த மரணத்துக்கும் அதே பதில்தான் வரும்.

பெரிய இல்லமா சிறியதா என்ற விவாதத்தில் உலகம் ஒரு பக்கமாகவே நகர்ந்திருக்கிறது. சுவீடன் தன் பெரிய விடுதிகளை 1999-க்குள் மூடச் சட்டம் செய்து, நான்கைந்து பேர் வாழும் வீடுகளுக்கு மாறியது. நம் ஊரில் அதற்கு அரசு கொடுக்கும் பணம் போதாது. இங்கே நம்பிக்கை தந்தவை பெற்றோரே கூடிக் கட்டியவை. மும்பைப் பெற்றோர் சங்கம் பத்லாபூரில் நடத்தும் ஆதார் அப்படி ஒன்று. நடத்துபவரின் பிள்ளையும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் சாப்பாட்டு நேரம் வேறு மாதிரி இருக்கும். ஆனால் இவை பெரும்பாலும் சேமிப்பு உள்ள குடும்பங்களுக்கானவை. தாராவி வீட்டுக்குப் பெரும்பாலும் தேர்வு செய்ய இரண்டு இடம் இருக்காது, ஒன்றுதான் இருக்கும். அதையும் மேலே சொன்ன கண்ணோடு பார்ப்பதில் பயன் உண்டா என்றால், உண்டு. சேர்த்த பிறகும் வந்து பார்க்கும் குடும்பம் இருக்கும் ஆளுக்கும் இல்லாத ஆளுக்கும் ஒரே இல்லத்தில் கிடைக்கும் கவனிப்பு ஒன்றாக இருப்பதில்லை. அதனால்தான் தூரம் தரத்தின் ஒரு பகுதி. பத்லாபூர் போய்வர ஒரு நாள் போய்விடும், சொந்த ஊர் என்று திருநெல்வேலிப் பக்கம் சேர்த்தால் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கலாம். மறுகட்டமைப்பில் தாராவிக்கு வெளியே வீடு பெறும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு மீண்டும் மாறும்.

நெல்லைப் பக்கத்து இல்லங்களுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம் மொழி, அது வலுவான காரணமும்கூட. தாராவியில் வளர்ந்த ஒருவருக்குப் புரிவது வீட்டில் கேட்ட பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களாக இருக்கலாம். மௌசிக்கு மராத்தி, இந்தி. இதற்கு ஒரு பக்கக் குறிப்பு பெரிதும் உதவும்: தண்ணி, வலிக்குதா, ஒண்ணுக்கா, படுக்கணுமா என்ற சொற்கள் தேவநாகரியில், 'மேலே பார்த்தால் ஆமாம்', 'பல்லைக் கடித்தால் வயிற்றுவலி', 'கூழாகத்தான் தர வேண்டும்', வலிப்பு மருந்தின் பெயரும் நேரமும். அந்தக் காகிதத்தைப் பொறுப்பாளர் கோப்பில் வைத்துப் பூட்டுகிறாரா, கட்டில் தலைமாட்டில் ஒட்டுகிறாரா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

சேர்ப்பதற்கு முன் காகித வேலை ஒன்று பாக்கி. 18 வயதானதும் பெற்றோர் சட்டப்படியான காப்பாளர் என்ற நிலை தானாகத் தொடர்வதில்லை. மேலே சொன்ன நான்கு வகை ஊனத்துக்கும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து காப்பாளர் ஆணை வாங்க வேண்டும். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம், ஃபோர்ட்டில் உள்ள ஆட்சியர் அலுவலகம். செம்பூர் புறநகர் மாவட்டம், அலுவலகம் பாந்த்ராவில். அம்மாவுக்கு வயதானால் தம்பியோ தங்கையோ காப்பாளராக இருக்கலாம். இல்லமே காப்பாளராக வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கவனிப்பவரைக் கேள்வி கேட்க வேறொருவர் இருந்தாக வேண்டும். புகார் எழுந்தால் புனேயில் உள்ள மாநில ஆணையரிடம் போகலாம், அங்கே உங்கள் பேச்சுக்கு அந்த ஆணைதான் பலம். ஆணை கையில் வந்ததும் முதலில் ஒரு வாரம் மட்டும் விட்டுப் பாருங்கள். விடும் நாளும் அழைத்துவரும் நாளும் எடை பாருங்கள், வீட்டில் குளிப்பாட்டும்போது முதுகையும் குதிகாலையும் பாருங்கள், வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள்.